பெருக்கியதும் கெடும் கணக்கு: ஸ்பெக்ட்ரல் கோடில் ஏலியாசிங்கைப் பிடிப்பதும், மூன்றில் இரண்டு விதியைச் சரியாகப் போடுவதும்

ஃபூரியே ஸ்பெக்ட்ரல் முறையில் நேரியல் சமன்பாடு தீர்க்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. இரண்டு சார்புகளைப் பெருக்க வேண்டிய இடம் வந்ததும்தான் கோளாறு தொடங்குகிறது. ஆண்டுக்கு நாலைந்து முறையாவது யாராவது ஒருவர் தன் கோடை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார். வெளியே தெரியும் அறிகுறி ஒவ்வொருவருக்கும் வேறு. காரணங்களோ திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அவற்றை அறிகுறிவாரியாக, எளிதாகச் சரிசெய்யக்கூடியதை முதலில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றே: பாகுநிலை இல்லாத பர்கர்ஸ் சமன்பாடு, `u_t + u u_x = 0`. எல்லை சுழற்சி எல்லை, நீளம் 2π, தொடக்கம் `sin(x)`. இதற்கு `t = 1` வரை வழவழப்பான தீர்வு உண்டு, அந்த நொடியில் `x = π`-இல் அதிர்வலை பிறக்கும். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு என்பதால் கோளாறு தேட இதைவிட நல்ல இடம் இல்லை.

## முதலில் பிழையைக் கண்ணால் பாருங்கள்

16 புள்ளிகள் உள்ள கிரிட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் `cos(6x)`-ஐயும் `cos(7x)`-ஐயும் புள்ளிக்குப் புள்ளி பெருக்குங்கள். தாளில் போட்டால் விடை, அரை `cos(x)`, அரை `cos(13x)`. கணினி என்ன சொல்கிறது?

```python
import numpy as np
x = 2*np.pi*np.arange(16)/16
f = np.cos(6*x)*np.cos(7*x)
print(np.round(2*np.abs(np.fft.rfft(f))/16, 3))
```

ஒன்றாம் மோடில் 0.5 இருக்கும், அது சரி. மூன்றாம் மோடிலும் 0.5 இருக்கும். நாம் `cos(3x)`-ஐ எங்கேயும் போடவே இல்லை. 16 புள்ளிகளில் அலை எண் 8 வரைதான் தனித்து அடையாளம் தெரியும். 13 என்ற அலை, 16-இலிருந்து 3 குறைவு என்பதால், அந்தப் புள்ளிகளில் 3-ஆம் அலையோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. மாறுவேடம் போட்டு உள்ளே வந்து உட்காரும் இந்த அலைதான் ஏலியாசிங். அது உயர் அலை எண்களின் ஓரத்தில் வந்து விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 3 என்பது நம் தீர்வின் நடுவீடு.

மூன்றில் இரண்டு விதியும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது. `K` வரையுள்ள மோடுகளை மட்டும் வைத்திருந்தால், இரண்டைப் பெருக்கும்போது `2K` வரை அலைகள் வரும். மிகப் பெரியது மாறுவேடத்தில் `2K - N` என்ற இடத்தில் விழும். அந்த இடம் `-K`-க்கும் கீழே போய்விட்டால், நாம் எப்படியும் வெட்டி எறியப்போகும் பகுதியில்தான் விழுகிறது. ஆக `3K < N`. மொத்த அலை எண்கள் `N/2` வரை இருப்பதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும், விதியின் பெயர் அதனால்தான். வானிலைக் கணிப்பில் நார்மன் பிலிப்ஸ் 1959-இல் இந்தக் கோளாற்றை அடையாளம் கண்டபோது மேல் பாதியையே வெட்டினார். மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலே போதும் என்று காட்டியவர் ஸ்டீவன் ஆர்ஸாக், 1971-இல்.

## எந்த அறிகுறியானாலும் இந்தச் சோதனையை முதலில் ஓட்டுங்கள்

நேரத்தில் ஒரு அடிகூட நகர வேண்டாம். வலப்பக்கத்தை ஒரே ஒருமுறை கணக்கிட்டாலே ஏலியாசிங் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

```python
N = 48
k = np.rint(np.fft.fftfreq(N)*N)
mask = 3*np.abs(k) < N
rng = np.random.default_rng(1)
uh = np.fft.fft(rng.standard_normal(N))*mask
u  = np.fft.ifft(uh).real
ux = np.fft.ifft(1j*k*uh).real
r1 = np.fft.ifft(-0.5j*k*np.fft.fft(u*u)*mask).real
r2 = np.fft.ifft(-np.fft.fft(u*ux)*mask).real
print(mask.sum(), np.mean(u*r1), np.abs(r1-r2).max())
```

மூன்று எண்கள் வரும். முதலாவது, மாஸ்க் எத்தனை மோடுகளை விட்டுவைத்தது என்பது. 48 புள்ளிக்கு `K` 15, எதிர்ப்பக்கமும் பூஜ்யமும் சேர்த்து 31. இரண்டாவது, ஆற்றல் மாறும் வேகம். இந்தச் சமன்பாட்டில் பெருக்கல் உறுப்பு ஆற்றலை மோடுகளுக்கிடையே கைமாற்றுமே தவிரக் கூட்டாது, குறைக்காது. எனவே இது வட்டமிடல் பிழையளவில், `1e-15` அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, `(u²/2)_x` என்று எழுதியதற்கும் `u u_x` என்று எழுதியதற்கும் உள்ள வேறுபாடு. தாளில் இரண்டும் ஒன்று. கிரிட்டில் ஏலியாசிங் இல்லாதபோது மட்டுமே ஒன்று. இதுவும் வட்டமிடல் அளவில்தான் இருக்க வேண்டும்.

`mask`-ஐ முழுக்க ஒன்றாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள், பின் இரண்டு எண்களும் பதினைந்து படிகள் மேலே ஏறிவிடும். இடையில் "கொஞ்சம் சரி" என்ற நிலையே கிடையாது, அதனால்தான் இந்தச் சோதனை எனக்கு இவ்வளவு பிடிக்கும். உங்கள் கோடின் வலப்பக்கச் செயல்கூற்றை இதே இடத்தில் செருகுங்கள். நான் எழுதியதை அல்ல, நீங்கள் எழுதியதைச் சோதியுங்கள். சீரற்ற எண்களைத் தொடக்கமாக வைப்பதும் வேண்டுமென்றேதான். `sin(x)` போன்ற வழவழப்பான நிலையில் உயர் மோடுகள் காலியாக இருக்கும், பிழை இருந்தாலும் வெளியே வராது.

## அறிகுறி: கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, திடீரென `nan`

பார்த்தவுடன் எல்லோரும் ஏலியாசிங் மேல் பழி போடுகிறார்கள். முதலில் நேர இடைவெளியைப் பாருங்கள், அதுதான் செலவில்லாத சோதனை. `dt`-ஐப் பாதியாக்கி ஓட்டுங்கள். `nan` வரும் நேரம் வெகுவாகத் தள்ளிப்போனாலோ காணாமலே போனாலோ, குற்றவாளி `dt`தான். நாலாம் வரிசை ரங்கே–குட்டாவில் `dt * K * max|u|` என்பது 2.83-ஐத் தாண்டக்கூடாது, அதற்கு நன்றாகக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியாக்கியும், கால்வாசியாக்கியும், ஏறத்தாழ அதே `t`-இல் வெடிக்கிறதா? இப்போது ஏலியாசிங்கைச் சந்தேகிக்கலாம். மேலே சொன்ன சோதனையை ஓட்டிவிட்டு மாஸ்க் போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே பல மாதங்கள் அதில் மாட்டியிருந்தேன். மாஸ்க் போட்டதும் மிகப் பெரிய அலை எண் `N/2`-இலிருந்து `N/3`-க்கு இறங்குகிறது. 64 புள்ளியில் 32 என்பது 21 ஆகிறது. அதனால் `dt` வரம்பும் ஒன்றரை மடங்கு தளர்கிறது. விளிம்பில் நின்ற `dt` ஒன்று, மாஸ்க் போட்ட காரணத்தால் மட்டுமே வரம்புக்குள் வந்துவிடும். "மாஸ்க் போட்டேன், நின்றுவிட்டது, ஆகவே ஏலியாசிங்" என்ற முடிவு அப்போது தவறு. இரண்டையும் பிரித்துச் சோதிக்காமல் விட்டால், அடுத்த முறை `N`-ஐக் கூட்டும்போது அதே `nan` திரும்பி வரும், அப்போது தேட வேண்டிய இடமே தெரியாது.

## அறிகுறி: மாஸ்க் போட்டேன், ஆனால் எதுவும் மாறவில்லை

`mask.sum()` என்ன தருகிறது என்று முதலில் பாருங்கள். இது `N`-ஆகவே இருந்தால் உங்கள் மாஸ்க் எதையும் வெட்டவில்லை.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பெட்டியின் நீளம் 2π அல்ல. குரமோட்டோ–சிவாஷின்ஸ்கி சமன்பாட்டுக்கு `L = 32π` எடுப்பது வழக்கம். அப்போது வகையீட்டுக்குப் பயன்படும் அலை எண் `2πn/L`, அதாவது `n/16`. 128 புள்ளி வைத்தால் அதன் உச்சம் 4. `N/3` என்பதோ 42.67. நாலை நாற்பத்திரண்டோடு ஒப்பிட்டால் எல்லா மோடும் உள்ளேதான். மாஸ்க் இருக்கும், கோடில் வரியும் இருக்கும், வேலை மட்டும் நடக்காது. `L = 1` என்றால் நேர்மாறு: அலை எண்கள் `2πn` என்று பெரிதாகி, வெட்டக்கூடாத மோடுகளும் போய்விடும். தீர்வு வழவழவென்று அழகாக வரும், நுணுக்கம் எதுவும் இருக்காது. அந்த அழகைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் `nan` பார்த்துப் பதறுகிறவர்களைவிட அதிகம்.

தீர்வு எளிது. மாஸ்க்கை எப்போதும் முழு எண்ணான `n` மேல் கட்டுங்கள், வகையீட்டுக்கு மட்டும் `2πn/L` பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துவிட்டால் இந்தத் தவறு மறுபடி வராது. 128 புள்ளிக்குச் சரியான எண்ணிக்கை 85. `rfft` பயன்படுத்தினால் 43. இரு பரிமாணத்தில் இரு திசையிலும் வெட்டினால் 85-இன் வர்க்கம், 7225. ஒரு திசையில் மட்டும் வெட்டிவிட்டு மற்றதை மறந்திருந்தால் இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

எண்ணிக்கை சரி, ஆனாலும் மாற்றமில்லை என்றால், மாஸ்க் எங்கே போடப்படுகிறது என்று பாருங்கள். வலப்பக்கத்தின் விடைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, தொடக்க நிலையை வெட்டாமல் விட்டிருப்பார்கள். தொடக்கத்தில் `K`-க்கு மேலே கொஞ்சம் இரைச்சல் இருந்தால், அந்த மோடுகளின் வலப்பக்கம் எப்போதும் பூஜ்யம். அவை வளராது, தேயாது. அப்படியே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பெருக்கலிலும் கலந்துகொண்டே இருக்கும். பாகுநிலை உள்ள சமன்பாட்டில் அந்த உறுப்பை மாஸ்க்குக்கு வெளியே வைத்திருந்தால் அது இவற்றைத் தேய்த்துவிடும் என்பதால், பிழை தானாக மறைந்து, பாகுநிலையைக் குறைத்த அன்று முளைக்கும். ஓட்டத்தின் நடுவில் `np.abs(uh[~mask]).max()` அச்சிடுங்கள். அது சரியாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும், "சிறியதாக" இருப்பது போதாது.

## அறிகுறி: 64 புள்ளியில் ஓடுகிறது, 96 புள்ளியில் ஆற்றல் நகர்கிறது

போன ஆண்டு ஒரு மாணவர் இரவு பதினொன்றுக்கு அழைத்தார். "அண்ணா, 64, 128, 256 எல்லாம் ஆற்றல் அப்படியே நிக்குது. புள்ளி 96 வச்சா மட்டும் மெதுவா நகருது. கிரிட் கூட்டினா நல்லாத்தானே ஆகணும்?" கோடை வாங்கிப் பார்த்தேன். மாஸ்க் வரியில் `<` இருக்க வேண்டிய இடத்தில் `<=`.

96-ஐ மூன்றால் வகுத்தால் சரியாக 32. `<=` என்றால் 32-ஆம் மோடு உள்ளே நிற்கிறது. 32-ம் 32-ம் பெருகி 64. 64-இலிருந்து 96-ஐக் கழித்தால் −32. வெட்டப்படாத மோடின் மேலேயே திரும்பி விழுகிறது. ஒரே ஒரு மோடு, ஒரே ஒரு சேர்க்கை, அவ்வளவுதான் கசிவு. 64-க்கோ 128-க்கோ மூன்றில் ஒரு பங்கு முழு எண் அல்ல, ஆகவே `<` போட்டாலும் `<=` போட்டாலும் விடை ஒன்றே. இரண்டின் அடுக்குகளையே பயன்படுத்துகிறவர்கள் இந்தப் பிழையோடு ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருக்கலாம். 48, 96, 192 என்று மாறும் நாளில்தான் அது தலைகாட்டும். அதுவும் உடனே அல்ல: ஆற்றல் 32-ஆம் மோடை எட்டும்வரை எந்த அடையாளமும் இருக்காது. அந்த மாணவருக்கு அதிர்வலை நேரம் நெருங்கியபோதுதான் நகரத் தொடங்கியிருந்தது.

மேலே உள்ள சோதனையில் நான் 48 எடுத்ததும் இதற்காகத்தான். `<=` போட்டுப் பாருங்கள்: எண்ணிக்கை 31-இலிருந்து 33 ஆகும், மற்ற இரண்டு எண்களும் வட்டமிடல் அளவைவிட்டு எகிறும். `N/3`, `2/3*(N/2)` என்றெல்லாம் பின்னத்தில் எழுதாமல் `3*np.abs(k) < N` என்று முழு எண்ணில் எழுதுவதும், `k`-ஐ `np.rint` செய்வதும் இதே காரணத்துக்குத்தான். 16 என்பது 15.999… ஆகிவிட்டால் `<` குறியும் காப்பாற்றாது.

இன்னொரு தவறும் இதே வரியில் நடக்கும். "மூன்றில் இரண்டு" என்ற பெயரைப் பார்த்து, `|k| < 2N/3` என்று எழுதிவிடுவார்கள். அலை எண்களே `N/2` வரைதான் உண்டு என்பதால் அது எதையும் வெட்டாது.

## அறிகுறி: வெடிக்கவில்லை, வழவழப்பாகவே இருக்கிறது, ஆனால் அலை மெதுவாகச் செங்குத்தாகிறது

மாஸ்க்குக்குப் பதிலாகப் பூஜ்யம் சேர்க்கும் வழியில் போகிறவர்களுக்கு இது வரும். `N` மோடுகளையும் வைத்துக்கொண்டு, பெருக்கும் நேரத்தில் மட்டும் `M = 3N/2` புள்ளி கிரிட்டுக்கு விரித்து, பெருக்கி, மறுபடி சுருக்குவது அந்த வழி. கணக்கு ஒன்றுதான், வெட்டும் இடம்தான் வேறு. முன்பு பார்த்த 6-ம் 7-ம் எடுத்துக்காட்டை 24 புள்ளியில் செய்தால், 13 என்ற அலை 11-இல் போய் விழும். 11 என்பது 8-க்கு வெளியே, சுருக்கும்போது போய்விடும். உண்மையான `cos(x)` மட்டும் மிஞ்சும்.

மறக்கப்படுவது பெருக்கெண். `ifft` புள்ளி எண்ணிக்கையால் வகுக்கிறது. `N`-க்கு உரிய கெழுக்களை `M` புள்ளியில் `ifft` செய்தால், ஒவ்வொரு சார்பும் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். இரண்டைப் பெருக்கினால் ஒன்பதில் நான்கு. திரும்ப `fft` செய்யும்போது ஒன்றரை மடங்கு கூடும். மொத்தத்தில் பெருக்கல் உறுப்பு சரியாக மூன்றில் இரண்டு பங்காக நிற்கும். அப்படியானால் அதிர்வலை `t = 1`-க்குப் பதில் `t = 1.5`-இல் பிறக்கும்.

இந்தக் கோளாறு பொல்லாதது. ஆற்றல் சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் மூன்றில் இரண்டு பங்கான பெருக்கலும் ஆற்றலைக் காக்கவே செய்யும். இரண்டு வடிவச் சோதனையும் பிடிக்காது, இரண்டும் ஒரே அளவில் சுருங்கும். தெரிந்த விடையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். `cos(6x)`-ஐயும் `cos(7x)`-ஐயும் உங்கள் பெருக்கும் செயல்கூற்றில் கொடுங்கள். ஒன்றாம் மோடில் 0.5 வர வேண்டும். 0.333 வந்தால் பெருக்கெண் இல்லை. விரிக்கும்போது கெழுக்களை `M/N` ஆல் பெருக்கி, சுருக்கும்போது அதே எண்ணால் வகுத்தால் தீர்ந்தது.

0.5-ம் இல்லை, 0.333-ம் இல்லை, குப்பையாக வருகிறது என்றால், பூஜ்யங்களை வைத்த இடம் தவறு. `numpy` வரிசையில் எதிர் அலை எண்கள் கடைசியில் இருக்கும். பூஜ்யங்கள் நடுவில் போக வேண்டும். வாலில் ஒட்டினால் எதிர் அலைகள் எல்லாம் தவறான அலை எண்களுக்கு இடம் மாறிவிடும், `ifft` விடை பெரிய கற்பனைப் பகுதியோடு வரும். நாம் வழக்கமாகச் சேர்க்கும் `.real` அதை ஓசையில்லாமல் மறைத்துவிடும். தேடும் நாளில் `.real`-ஐ எடுத்துவிட்டு, `np.abs(u.imag).max()` பாருங்கள்.

எந்த வழி நல்லது? முப்பரிமாணத்தில் விரித்தால் புள்ளிகள் 3.375 மடங்கு, நினைவகமும் அந்த அளவுக்கு. வெட்டினால் மோடுகளில் 27-க்கு 8 மட்டுமே மிஞ்சும். இரண்டும் ஒரே செலவைத் தலைமாற்றிச் சொல்வதுதான். புதிதாக எழுதுகிறவருக்கு நான் மாஸ்க்கையே சொல்வேன், தவறு செய்ய இடம் குறைவு.

## அறிகுறி: ஸ்பெக்ட்ரத்தின் வால் மேலே சுருள்கிறது

`|uh|`-ஐ `k`-க்கு எதிராக மடக்கை அளவில் வரைந்தால், நல்ல தீர்வு ஓரத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். ஓரத்தில் கொக்கி போல மேலே வளைந்தால் அங்கே ஆற்றல் தேங்குகிறது என்று பொருள்.

மாஸ்க் இல்லாமல் ஓட்டியிருந்தால், மாஸ்க் போட்டு அதே `t` வரை மறுபடி ஓட்டுங்கள். கொக்கி மறைந்தால் காரணம் ஏலியாசிங், வேலை முடிந்தது. கொக்கி புதிய ஓரமான `K`-க்கு இடம் மாறி நின்றுகொண்டால், அது தெளிவுத்திறன் பற்றாக்குறை. பாகுநிலை தின்னக்கூடிய அளவுக்கு மேல் ஆற்றல் ஓரத்துக்கு வருகிறது. அதற்கு மாஸ்க் மருந்தல்ல. `N`-ஐக் கூட்டுங்கள், அல்லது பாகுநிலையைக் கூட்டி எளிய கணக்காக்குங்கள். மாஸ்க்கை இன்னும் இறுக்கி `N/4`, `N/5` என்று வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கும் மோடுகளையும் வீணாக்கி, பற்றாக்குறையை அதிகப்படுத்துவதுதான் அது.

கூர்மையான வெட்டுக்குப் பதில் மெல்லச் சரியும் வடிகட்டியும் உண்டு. தாமஸ் ஹோவும் ருவோ லியும் பயன்படுத்திய `exp(-36*(|k|/kmax)**36)` பலர் எடுப்பது. ஓரத்தில் `exp(-36)`, அதாவது ஏறத்தாழ `2e-16`. மூன்றில் இரண்டு விதியைவிடக் கூடுதல் மோடுகள் பயனுக்கு வரும். ஆனால் ஏலியாசிங் முழுக்கப் போகாது, ஆற்றல் சோதனையில் வட்டமிடல் அளவு கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் சரி. கோளாறு தேடும்போது மட்டும் கூர்மையான மாஸ்க்குக்கே திரும்பி வாருங்கள், இல்லையென்றால் எது வடிகட்டியின் வேலை, எது உங்கள் பிழை என்று பிரிக்க முடியாது.

## அறிகுறி: `u²` இருந்தவரை சரி, `u³` வந்ததும் கெட்டது

மூன்று சார்பைப் பெருக்கினால் `3K` வரை அலைகள் வரும், மாறுவேடத்தில் `3K - N`-இல் விழும். ஆக வரம்பு `4K < N`. 64 புள்ளியில் 21 அல்ல, 15. விரிக்கும் வழியில் போனால் ஒன்றரை மடங்கு போதாது, இரண்டு மடங்கு வேண்டும்.

குறுக்கு வழி ஒன்று உண்டு: `u²`-ஐப் போட்டு வெட்டி, அதை மறுபடி `u`-வோடு பெருக்கி வெட்டுவது. இதில் ஏலியாசிங் வராது, உண்மை. ஆனால் நடுவில் வெட்டிய `K`-க்கு மேற்பட்ட பகுதி, `u`-வோடு சேர்ந்து கீழ் மோடுகளுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டியது, அது தொலைந்துவிடுகிறது. தீர்வு நன்கு தெளிவாக இருக்கும்போது வேறுபாடு கண்ணில் படாது. தெளிவு குறையும்போது படும். நினைவகம் நெருக்கினால் ஒழிய நான் இதை எடுப்பதில்லை.

`1/ρ`, `exp(u)` போன்றவை சமன்பாட்டில் இருந்தால் எந்த வெட்டும் ஏலியாசிங்கை முழுக்கத் துடைத்துவிடாது, ஏனென்றால் அவற்றின் அலைகள் எங்கேயும் முடிவதில்லை. இங்கே இன்னும் பெரிய கிரிட், இன்னும் இறுக்கமான வெட்டு என்று நாட்களைச் செலவிட வேண்டாம். அமுங்கும் பாய்மக் கணக்குகளில் சமன்பாட்டை எழுதும் வடிவத்தையே மாற்றுகிறார்கள். அதில் பழகியவரிடம் கேட்பதுதான் முறை.

## அறிகுறி: சோதனைகள் எல்லாம் சரி, ஆனாலும் தீர்வில் நெளிவுகள்

எண்ணிக்கை சரி, ஆற்றல் `1e-15`, இரண்டு வடிவமும் ஒன்றே. இருந்தும் `t = 1`-ஐத் தாண்டியதும் வரைபடம் முழுக்க நெளிகிறது என்றால், இது ஏலியாசிங் அல்ல. இங்கே மாஸ்க் வரியைத் தொடவே தொடாதீர்கள்.

அதிர்வலைக்குப் பின் உண்மைத் தீர்வு ஆற்றலை இழக்க வேண்டும். நம் வெட்டிய சமன்பாடோ ஆற்றலை ஒரு துளி விடாமல் காக்கிறது. போக வழியில்லாத ஆற்றல் நெளிவாகிறது. கவனித்துப் பார்த்தால் முதல் நெளிவு அதிர்வலைக்குப் பக்கத்தில் மட்டும் வராது. அதிர்வலை நகரும் அதே வேகத்தில் பாய்மம் நகரும், தீர்வு வழவழப்பாக இருக்கும் இடத்தில் ஒரு சிறு வீக்கம் தனியாகக் கிளம்பும். நம் எடுத்துக்காட்டில் அதிர்வலை `x = π`-இல் அசையாமல் நிற்பதால், வீக்கம் `u = 0` ஆன `x = 0`-இல் வரும், அதிர்வலையிலிருந்து எவ்வளவு தொலைவு முடியுமோ அவ்வளவு தொலைவில். சம்ரித்தி சங்கர் ரேயும் உரியேல் ஃபிரிஷும் உடனாளர்களும் 2011-இல் இதை விரிவாக ஆராய்ந்து `tyger` என்று பெயர் வைத்தார்கள். கிளாட் பார்டோஸும் ஐட்டன் டாட்மோரும் 2015-இல், மூன்றில் இரண்டு விதி ஆற்றலைக் கட்டுக்குள் வைத்தாலும் அதிர்வலைக்குப் பின் சரியான தீர்வை நோக்கிப் போகாது என்று காட்டினார்கள்.

பிரித்தறிய வழி இது: `N`-ஐ இரட்டித்து, `t = 0.9` வரை மட்டும் ஓட்டி, பழைய தீர்வோடு ஒப்பிடுங்கள். அங்கே இரண்டும் ஒத்துப்போய், `t = 1`-க்குப் பின் மட்டும் பிரிந்தால், கோடில் பிழை இல்லை. சமன்பாட்டில் பாகுநிலை சேர்க்கலாமா என்று உங்கள் கணக்கைப் பாருங்கள். சேர்க்கலாம் என்றால் வால் ஓரத்துக்குள் பல படிகள் இறங்கும் அளவுக்குச் சேருங்கள், நெளிவு அடங்கும்.

சேர்க்கக்கூடாது, அதிர்வலைக்குப் பிந்திய தீர்வே வேண்டும் என்றால், இந்தக் கோடை இங்கே நிறுத்துங்கள். அதிர்வலைக்கென்றே உள்ள முடிவுறு கனஅளவு முறைகளில் பழகியவரிடமோ, ஸ்பெக்ட்ரல் மறைபாகுநிலை தெரிந்த எண்முறைக் கணிதக்காரரிடமோ போங்கள். போகும்போது இரண்டு ஸ்பெக்ட்ரம் படங்களையும் (மாஸ்க் இல்லாமல் ஒன்று, மாஸ்க்கோடு ஒன்று), `mask.sum()`-ஐயும், ஒற்றை அடிச் சோதனையின் எண்களையும், `dt`-ஐப் பாதியாக்கியபோது என்ன ஆனது என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். அவர் கேட்கும் முதல் நான்கு கேள்விகள் அவைதான்.